அந்தப் பதினொரு சப்ளையர்கள்

எங்கள் பிரிவின் மாதாந்திரக் கூட்டத்தில் நான் கேட்டது மிகச் சாதாரணமான ஒரு கேள்வி. சப்ளையர்கள் அனுப்பும் கணக்கறிக்கைகளை எங்கள் பேரேட்டுடன் ஒத்துப்பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டிருந்த எக்செல் கோப்பில், மொத்தமுள்ள 340 சப்ளையர்களில் 11 பேருக்கு மட்டும் ஒரு தனி விதி எழுதப்பட்டிருந்தது. அது ஏன் என்று கேட்டேன். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அடுத்த மாதம் தணிக்கையாளர்கள் வரும்போது அவர்கள் கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் கேட்டேன். அந்தக் கோப்பை உருவாக்கியவர் என்று நான் நம்பியிருந்தவர், ஒரு நொடிகூடத் தயங்காமல், "அவர்கள் நம்முடைய பெரிய சப்ளையர்கள் சார், தொகை அதிகம், அதனால் கூடுதல் கவனம்" என்றார். பதில் பொருத்தமாக இருந்தது. நான் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை வேறொரு காரணத்துக்காக அந்தப் பட்டியலைத் திறந்தபோது, அந்த 11 பேரில் பெரிய சப்ளையர் என்று சொல்லத்தக்கவர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களில் பலர், மாதம் ஒன்றிரண்டு பில் மட்டும் அனுப்புகிற, இயந்திரப் பராமரிப்பும் குடிநீர் வழங்கலும் போன்ற சிறு வேலைகள் செய்பவர்கள். தெரியாத ஒன்றைத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் எதையும் யோசித்திருக்க மாட்டேன். தான் செய்த வேலையின் காரணத்தை ஒருவர் மறந்துபோகலாம். ஆனால் இல்லாத காரணம் ஒன்றை உடனே உண்டாக்கிச் சொல்ல வேண்டிய தேவை, அந்த வேலையைச் செய்தவருக்கு வராது என்று எனக்குத் தோன்றியது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறு பேர் கொண்ட எங்கள் குழுவில் அவர்தான் எனக்கு அடுத்த நிலையில் இருந்தார். பேச்சு தெளிவாக இருக்கும். கேட்ட தகவல் கேட்ட நேரத்தில் வரும். எனக்கு மேலுள்ளவர்கள் முன்னால் என்னை ஒருபோதும் சங்கடத்தில் விட்டதில்லை. அவர் என் செல்லப் பிள்ளை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தபோதுகூட, திறமைசாலியை எல்லோருக்கும் பிடிப்பது இயல்புதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளில் குழுவிலிருந்து எனக்கு வரவேண்டிய எல்லா வேலைகளும் அவர் வழியாகவே வரத் தொடங்கியிருந்தன. அதை அவர் கேட்டு வாங்கவில்லை. ஐந்து மின்னஞ்சல்களுக்குப் பதிலாக ஒன்றைப் படிப்பது எனக்கு வசதியாக இருந்ததால், நானே அப்படிச் செய்யச் சொன்னேன். பின்னால் நடந்ததில் என் பங்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த எக்செல் கோப்பு எங்களுக்குப் பெரிய விஷயம். அதற்கு முன்பு மாதக் கணக்கை ஒத்துப்பார்த்து முடிக்க ஒன்பது வேலை நாட்கள் ஆகும். சப்ளையர் தன் அறிக்கையில் பில் எண்ணை ஒரு விதமாகவும், எங்கள் ஊழியர் அதைப் பேரேட்டில் வேறொரு விதமாகவும் பதிவதுதான் முதன்மையான தொல்லை. சப்ளையர் "INV-00457" என்று எழுதியிருப்பார்; எங்களிடம் அது "INV/457" என்றோ வெறும் "457" என்றோ இருக்கும். மூன்றும் ஒரே பில் என்பது கண்ணுக்குத் தெரியும், எக்செலுக்குத் தெரியாது. புதிய கோப்பு, எண்ணிலுள்ள எழுத்துகளையும் கோடுகளையும் முன்னால் நிற்கும் பூஜ்யங்களையும் நீக்கிவிட்டு, மீதமுள்ள எண்ணையும் தொகையையும் சேர்த்து ஒப்பிட்டது. ஒன்பது நாள் வேலை மூன்று நாளாகக் குறைந்தது. அதை வடிவமைத்ததற்காக அவருக்கு அந்த ஆண்டின் மதிப்பீட்டில் மிக உயர்ந்த தரத்தை நான் கொடுத்திருந்தேன்.

பட்டியலைப் பார்த்த மறுநாள் நான் செய்த முதல் காரியம் தவறானது. கோப்பின் பண்புகளைத் திறந்து `Author` என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். அங்கே இருந்தது, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயர். பழைய கோப்பு ஒன்றைத் திறந்து வேறு பெயரில் சேமித்து வேலையைத் தொடங்கினால், முதன்முதலில் அதை உருவாக்கியவரின் பெயரே அங்கே தங்கிவிடும் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அடுத்து, பொதுக் கோப்புறையில் சேமிக்கப்பட்ட பதிப்புகளின் வரலாற்றைப் பார்த்தேன். முதல் பதிப்பிலிருந்தே என் நம்பிக்கைக்குரியவரின் பெயர்தான் இருந்தது. சந்தேகம் தீர்ந்தது என்று அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்த முதல் பதிப்பு, ஒரு குறையும் இல்லாத முழுக் கோப்பாக இருந்தது. இத்தனை சிக்கலான ஒன்றை யாரும் ஒரே மூச்சில் செய்து முடிப்பதில்லை. பதிப்பு வரலாறு, கோப்பு அந்தக் கோப்புறைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் பேசும். வேறிடத்தில் அது வளர்ந்த கதையை அது அறியாது. அதாவது, பதிவேற்றியவர் யார் என்பதைத்தான் அது எனக்குச் சொன்னது, செய்தவர் யார் என்பதை அல்ல.

இந்த இடத்தில் என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு, இளநிலை ஊழியர்களைத் தனியே அழைத்து "இதை உண்மையில் யார் செய்தது?" என்று கேட்டுவிடக்கூடும். நானும் கேட்க நினைத்தேன். நல்ல வேளையாக மனிதவளப் பிரிவிலிருந்த அனுபவமுள்ள ஒருவரிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கேள்வியைக் கேட்ட கணமே அவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறீர்கள் என்றார் அவர். தினமும் தங்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஒருவருக்கு எதிராக, அவரைக் கொண்டாடுகிற ஒருவரிடமே அவர்கள் பேச வேண்டியிருக்கும். பாதிப் பேர் மழுப்புவார்கள், மீதிப் பேருக்கு மனக்கசப்பு இருந்தால் கூட்டிச் சொல்வார்கள். ஆளைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள், அதையும் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள் என்றார்.

அதற்கு எங்களிடம் ஒரு நியாயமான தேவையே இருந்தது. யாராவது நீண்ட விடுப்பில் போனால் அவருடைய வேலையைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும் என்று வெகுநாட்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். ஆகவே ஆறு பேரிடமும், அவரவர் கையாளும் வேலை ஒவ்வொன்றையும் எனக்கு அரை மணி நேரம் செய்து காட்டும்படி சொன்னேன். அதை நானே குறிப்பெடுத்துக்கொள்வேன் என்றும் சொன்னேன். அந்தக் கோப்பை மாதந்தோறும் இயக்கிவந்தவர், குழுவில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்த ஒரு பெண். அவரைப் பற்றி என் மதிப்பீட்டுப் படிவத்தில் நான் எழுதியிருந்தது, "கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிறார், தானாக முன்வந்து எதையும் செய்வதில்லை."

அவர் கோப்பைத் திறந்து ஒவ்வொரு தாளாகக் காட்டிக்கொண்டே வந்தார். பதினொரு பெயர்கள் இருந்த தாளுக்கு வந்ததும், நான் கேட்காமலேயே நின்றார். "இதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும் சார். இவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக எண் போடும்" என்றார். பிறகு பழைய மாதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரே பராமரிப்பு நிறுவனத்தின் ஒரு கிளையிலிருந்து "A-1045" என்றும், இன்னொரு கிளையிலிருந்து "B-1045" என்றும் இரண்டு பில்கள் வந்திருந்தன. மாத ஒப்பந்தம் என்பதால் இரண்டிலும் தொகை ஒன்றே. எழுத்தை நீக்கியதும் இரண்டும் 1045 ஆகிவிட்டன; தொகையை வைத்துப் பிரித்தறியவும் வழியில்லை. பேரேட்டில் பதியப்படாமல் விடுபட்டுப்போன "B" பில், "A" பில்லுடன் ஒத்துப்போய், சரிபார்க்கப்பட்டதாகக் கோப்பில் பச்சை நிறமாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அந்த நிறுவனம் பாக்கி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. அன்று முதல் எல்லாச் சப்ளையர்களின் எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, முன்னெழுத்துக்குப் பொருள் இருக்கிற 11 பேரை அவர் தனியே பிரித்து, அவர்களுக்கு மட்டும் எழுத்தை நீக்காமல் ஒப்பிடும் விதியை எழுதியிருக்கிறார்.

அந்த "B" பில் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பாக்கி கேட்டு அழைப்பு வந்த அன்று, "நம் பெண் கவனிக்காமல் விட்டுவிட்டார் சார், நான் பேசிக்கொள்கிறேன்" என்று என் நம்பிக்கைக்குரியவர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம், "இனி அப்படி நடக்காதபடி கோப்பில் ஒரு விதி சேர்த்திருக்கிறேன்" என்றும் அவரே சொல்லியிருந்தார். தவறு அந்தப் பெண்ணின் கணக்கிலும், தவறைத் திருத்தியது இவர் கணக்கிலும் ஏறியிருந்தன. இரண்டையும் கேட்டுத் தலையாட்டியவன் நான்.

இதை உருவாக்கிய விதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் தன் கோப்புறையைத் திறந்தார். தேதி வாரியாக 14 பிரதிகள் இருந்தன. முதலாவது ஒரே ஒரு தாள் கொண்டது. ஒரு பழைய கோப்பின் மீது சேமித்தது, அதனால்தான் அந்தப் பழைய பெயர். நான்காவதில் எழுத்தை நீக்கும் முயற்சி தோற்றுப்போயிருந்தது. கிரெடிட் நோட்டுகளெல்லாம் கூட்டல் தொகையாக மாறிக் கணக்கு தலைகீழாகியிருந்தது. ஒன்பதாவதில் அது சரியாகியிருந்தது. ஆறு வாரங்களில் ஒரு வேலை தடுமாறித் தடுமாறி வளர்ந்த தடம் அப்படியே இருந்தது. எனக்கு அதன் பிறகு வேறு சான்று தேவைப்படவில்லை. ஒரு வேலையைச் செய்தவருக்கு அதன் தோல்விகள் தெரியும். பெற்றுக்கொண்டவருக்கு அதன் முடிவு மட்டும்தான் தெரியும். இப்போதெல்லாம் யாரேனும் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்து காட்டினால், அது எப்படி வேலை செய்கிறது என்பதைவிட, முதலில் எதைச் செய்து பார்த்து எது சரிவரவில்லை என்பதைத்தான் கேட்கிறேன்.

என் நம்பிக்கைக்குரியவருடன் பேசுவதற்கு முன்பு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த வாரத்தில், அவருடைய மதிப்பீட்டில் நான் பெருமையாக எழுதியிருந்த நான்கு சாதனைகளையும் இதே முறையில் தொட்டுப் பார்த்தேன். நீண்ட நாள் இழுத்தடித்த ஒரு சப்ளையர் தகராறைப் பேசித் தீர்த்தது முழுக்க முழுக்க அவருடைய வேலைதான், அதில் மறுபேச்சில்லை. ஒன்றில் பாதி அவருடையது. இரண்டு, வேறு ஆட்களின் உழைப்பு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது எனக்கு மிகவும் உதவியது. இல்லாவிட்டால் கோபத்தில் அவருடைய உண்மையான வேலையையும் சேர்த்தே பொய்யென்று நினைத்திருப்பேன். அவரும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறுத்திருப்பார்.

தனி அறையில் உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொன்னேன். "நீங்கள் அடுத்தவர் வேலைக்குப் பெயர் வாங்குகிறீர்கள்" என்று சொல்லவில்லை. அது ஒரு தீர்ப்பு. அதை மறுக்க மட்டும்தான் முடியும். "பதினொரு சப்ளையர்கள் பெரியவர்கள் என்பதால் தனியே வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். காரணம் அதுவல்ல. கோப்பை நீங்கள் வடிவமைத்ததாக எனக்கு அனுப்பிய மின்னஞ்சல் இது. அது வளர்ந்த பிரதிகளை நான் பார்த்தேன். இந்த இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னதில் எல்லாமே சால்ஜாப்பு என்று என்னால் தள்ள முடியவில்லை. கோப்பு வேண்டும் என்ற யோசனை தன்னுடையது என்றார். அந்தப் பெண்ணின் மற்ற வேலைகளைக் குறைத்து அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தது தான் என்றார். அது உண்மை. கடைசியாக ஒன்று சொன்னார்: "நீங்கள் ஒருநாள்கூட யார் செய்தது என்று கேட்டதில்லையே சார். 'நன்றாகச் செய்திருக்கிறீர்கள்' என்றுதான் சொன்னீர்கள். முதல் தடவை நான் திருத்தவில்லை. அதன் பிறகு திருத்த முடியவில்லை."

இதைக் கேட்டு நான் இளகிவிடவில்லை. வேலை வாங்குவது ஒரு வேலை. அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறது, அதை அவருக்குக் கொடுக்கலாம். ஆனால் "வடிவமைத்தேன்" என்று எழுதியதும், அடுத்தவர் மீது தவறைப் போட்டுவிட்டுத் திருத்தத்தைத் தன்னுடையதாகச் சொன்னதும் வேறு. முதலாவதைக் குழப்பம் என்று ஏற்கலாம், இரண்டாவதை ஏற்க இயலாது என்று அவரிடமே பிரித்துச் சொன்னேன். பேசியதைத் தேதியுடன் எழுதி, அவருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அன்றே அனுப்பினேன். அதில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: அந்தப் பெண்ணின் வேலைப் பகிர்வு, விடுப்பு, மதிப்பீடு ஆகியவற்றை இனி நானே பார்ப்பேன். இதை உடனே செய்யாமல் விட்டிருந்தால், சொன்னவர் யார் என்று அவர் ஊகித்த மறுவாரமே, கேட்ட விடுப்பு கிடைக்காமல் போவதும் கடினமான வேலையெல்லாம் ஒருவர் தலையில் விழுவதும் தொடங்கியிருக்கும். அவர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. அந்த வாய்ப்பை யார் கையிலும் விட்டுவைக்கக் கூடாது.

மதிப்பீட்டைத் திருத்துவதுதான் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. அந்த ஆண்டின் படிவங்கள் மூடப்பட்டுவிட்டன. மூடியதைத் திறக்க, தவறு என்னுடையது என்று நான் எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கேதான் பல மேற்பார்வையாளர்கள் பின்வாங்கி, "அடுத்த ஆண்டு சேர்த்துக் கொடுத்துவிடலாம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள் என நினைக்கிறேன். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஆண்டு கொடுக்கும் உயர்தரம், இந்த ஆண்டின் "முன்வந்து எதையும் செய்வதில்லை" என்ற வரியை அழிக்காது. வேறு பிரிவுக்கு மாற விண்ணப்பித்தால் அவர்கள் படிப்பது அந்த வரியைத்தான். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் தரம் மாற்றப்பட்டது, ஊதிய உயர்வின் வித்தியாசமும் கிடைத்தது. மற்றவருடைய தரம் குறைக்கப்பட்டது. ஆனால் அந்தத் தரத்தை நம்பி முந்தைய காலாண்டிலேயே அவருக்குக் கொடுத்த பதவி உயர்வைத் திரும்பப் பெற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

திருத்தத்தைச் சொல்ல அந்தப் பெண்ணை அழைத்தபோது, மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது. அவர் சற்று யோசித்துவிட்டு, "நீங்கள் அவருக்கு அனுப்பிய பாராட்டு மின்னஞ்சலின் நகல் எனக்கும் வந்தது சார். கோப்பை நான் செய்தது உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் இப்படித்தான் இங்கே நடக்கும் என்று நினைத்தேன்" என்றார். நான் அறியாமல் இருந்தேன் என்பது அவருக்கு ஓர் ஆண்டாகத் தோன்றவேயில்லை. என் மௌனத்தை அவர் ஒப்புதல் என்று படித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை இரண்டே இரண்டு. மாதக் கூட்டத்தில் எந்த வேலை பேசப்பட்டாலும் அதைக் கையால் செய்தவர் அறையில் இருப்பார். விளக்குபவர் வேறு ஒருவராக இருக்கலாம், ஆனால் என் கேள்வி செய்தவரிடம் போகும். இரண்டாவது, பொதுவாகப் பயன்படும் ஒவ்வொரு கோப்பிலும் முதல் தாளில், எந்தத் தேதியில் யார் எதை ஏன் மாற்றினார் என்று நான்கு நிரல்களில் எழுத வேண்டும். "யார்" என்ற நிரலைவிட "ஏன்" என்ற நிரலைத்தான் நான் கூர்ந்து படிக்கிறேன். பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். காரணத்தை எழுதுவது அத்தனை எளிதல்ல. ஆரம்பத்தில் இது பெரும் சுமை என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கத் தொடங்கிய பிறகு முணுமுணுப்பு குறைந்தது.

அந்தப் பெண் எட்டு மாதம் கழித்து வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். கடைசி நாளன்று கோப்பை ஒப்படைத்தபோது முதல் தாளில் ஒரு வரி புதிதாக இருந்தது. எழுத்தை நீக்கும்போது கிரெடிட் நோட்டின் கழித்தல் குறியும் போய்விடுகிறது என்பதைக் கண்டுபிடித்தது தானல்ல, பக்கத்து மேசையில் பில் பதிவு செய்பவர் என்று, ஒன்பதாவது பிரதியின் தேதியைப் போட்டு எழுதியிருந்தார். பக்கத்து மேசைக்காரரிடம் இதைக் காட்டினேன். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "இது எனக்கே மறந்துவிட்டது சார்" என்றார்.